ஒரே ரிஸ்ட் ரெஸ்ட், இரண்டு மணிக்கட்டுகள்: ஒரு தட்டச்சு அலுவலகத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சென்னையில் தமிழ் நூல்களுக்குத் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்து தரும் சிறிய அலுவலகம் அது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடிப்பவர்கள், மெய்ப்பு பார்ப்பவர்கள், பக்கம் கட்டுபவர்கள் என்று வேலை பிரிந்திருக்கிறது. புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் நாளுக்கு ஒன்பது மணி நேரம்கூட விசைப்பலகையில் கை இருக்கும்.

அப்படியொரு பருவம் முடிந்தபின் நான்கைந்து பேர் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளர் அக்கறையுள்ளவர். இணையத்தில் தேடி, விசைப்பலகைக்கு முன்னால் கைக்கு மெத்தையாக வைக்கும் ஜெல் நிரப்பிய ரிஸ்ட் ரெஸ்ட் பன்னிரண்டு வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். எல்லாம் ஒரே அளவு: உயரம் 2.3 செ.மீ., ஆழம் 8 செ.மீ. இரண்டு மாதம் கழித்து என்னை அழைத்தார். நான் பிசியோதெரபிஸ்ட், உட்கார்ந்து செய்யும் வேலைகளில் வரும் வலிகளைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன்.

அவர் கேட்டது நேரான கேள்வி. "மேடம், இதை வச்சதும் ஒருத்தருக்கு வலியே போயிடுச்சு. இன்னொருத்தர் லீவு போட்டுட்டு வீட்ல இருக்காங்க. இது நல்ல பொருளா, கெட்ட பொருளா?"

இந்த ஆய்வு அந்த இரண்டு பேரைப் பற்றியது. நலமானவர் மெய்ப்பு பார்ப்பவர், நாற்பத்தேழு வயது ஆண். மோசமானவர் தட்டச்சர், முப்பத்து நான்கு வயதுப் பெண். இருவர் பெயரும் அடையாளமும் இங்கே இல்லை.

## மெய்ப்பு பார்ப்பவருக்கு ஏன் உதவியது

இவர் கதை சுருக்கமானது. ஆனால் தட்டச்சரின் கதையைப் புரிந்துகொள்ள இது முதலில் தெரிய வேண்டும்.

இவருடைய விசைப்பலகை பழைய தடித்த வகை. முன்விளிம்பே 2 செ.மீ. உயரம். போதாததற்குப் பின்பக்கக் கால்களையும் விரித்து நிறுத்தியிருந்தார். ரிஸ்ட் ரெஸ்ட் வருவதற்குமுன் மணிக்கட்டை மேசையில் கிடத்தி, விரல்களை மேல்நோக்கி வளைத்து விசைகளை எட்டிக்கொண்டிருந்தார். மேசையின் சன்மைக்கா விளிம்பு கூர்மையானது. மாலையில் இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு பதிந்திருக்கும் என்று அவரே சொன்னார்.

2.3 செ.மீ. ரிஸ்ட் ரெஸ்ட் வந்ததும் உள்ளங்கையின் அடி விசைப்பலகையின் முன்விளிம்புக்கு ஏறக்குறையச் சமமாக உயர்ந்தது. மணிக்கட்டின் மேல்வளைவு குறைந்தது. கூர்விளிம்புக்கும் தோலுக்கும் இடையில் மெத்தை வந்தது. இவை இரண்டு காரணம். மூன்றாவது அவருடைய வேலையின் தன்மை. மெய்ப்பு பார்ப்பவர் தொடர்ந்து அடிப்பதில்லை. படிக்கிறார், ஒரு எழுத்தைத் திருத்துகிறார், மீண்டும் படிக்கிறார். கை ரிஸ்ட் ரெஸ்டில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர் அடிக்காத நேரம். இரண்டு வாரத்தில் வலி போனதில் வியப்பில்லை.

நான் அவரிடம் மாற்றச் சொன்னது ஒன்றே: விசைப்பலகையின் பின்கால்களை மடக்குங்கள். அதோடு அவர் பக்கம் முடிந்தது.

## தட்டச்சரிடம் முதல் நாள் கண்டவை

தட்டச்சர் விடுப்பு முடிந்து வந்த நாளில் அவரை அவருடைய மேசையிலேயே பார்த்தேன். வீட்டிலோ கிளினிக்கிலோ பார்த்திருந்தால் பாதி விஷயம் தெரிந்திருக்காது.

தொந்தரவு வலது கையில். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகின்றன. இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். கையை உதறினால் சரியாகும். இதோடு மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் தனியாக ஒரு வலி. ரிஸ்ட் ரெஸ்ட் வருவதற்கு முன்பும் எப்போதாவது மரத்ததுண்டு. அது வந்த மூன்றாவது வாரத்திலிருந்துதான் இரவுத் தூக்கம் கெட்டது.

மூன்று விரல் மரத்தல், இரவில் கூடுவது, உதறினால் குறைவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது கார்பல் டனல் தொந்தரவு. மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகள் மூன்று பக்கமும் சுவராக நிற்க, மேலே ஒரு கெட்டியான நார்ப்பட்டை கூரையாக மூடிய குகை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. இடம் குறைந்தால் முதலில் முனகுவது நரம்புதான். கை நேராக ஓய்வில் இருக்கும்போது ஆரோக்கியமான குகைக்குள் அழுத்தம் பாதரசத்தில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அது 30 மி.மீ. அளவில் தொடர்ந்து நின்றால் நரம்புக்கான ரத்த ஓட்டம் பாதிக்கப்படத் தொடங்கும். மணிக்கட்டு மேலே வளைந்தாலும் கீழே மடங்கினாலும் அழுத்தம் ஏறும். வெளியிலிருந்து அந்தக் கூரையை அழுத்தினாலும் ஏறும்.

ஃபேலன் சோதனை செய்தேன். மணிக்கட்டைக் கீழ்நோக்கி முழுதாக மடக்கி ஒரு நிமிடம் வைத்திருப்பதுதான் அது. வலது கையில் நாற்பது நொடிக்குள் மூன்று விரலும் மரத்தன. இடது கையில் ஒன்றுமில்லை. கட்டைவிரலடிச் சதை வற்றவில்லை, பிடியில் வலுக்குறைவு இல்லை. இவை இரண்டில் ஒன்று இருந்திருந்தாலும், அல்லது மரத்தல் பகலிரவு நீங்காமல் நின்றிருந்தாலும், மேசையைப் பற்றிப் பேசாமல் நேரே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன்.

பிறகு அவரை வழக்கம்போல் அடிக்கச் சொல்லி, பக்கவாட்டில் கைப்பேசியை நிறுத்திப் பத்து நிமிடம் படம் எடுத்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் வலது மணிக்கட்டு ரிஸ்ட் ரெஸ்டை விட்டு எழுந்தது நான்கு முறை. நான்கும் தாளைத் திருப்புவதற்காக.

அடுத்து ஒரு எளிய சோதனை. ரிஸ்ட் ரெஸ்ட் மேல் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி, கால் மணி நேரம் வேலை செய்யச் சொன்னேன். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளங்கையின் அடியில் பவுடர் கொஞ்சம்தான். மணிக்கட்டு மடிப்புக் கோட்டின் மேல் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. ரிஸ்ட் ரெஸ்டின் முகடு அந்தக் கோட்டில்தான் அமர்ந்திருந்தது.

## ஏன் இவருக்கு மட்டும் கெடுத்தது

தட்டச்சரின் விசைப்பலகை புதிய மெல்லிய வகை. முன்விளிம்பு 1 செ.மீ.தான். அதன் முன்னால் 2.3 செ.மீ. மேடு. மெய்ப்பு பார்ப்பவருக்கு மணிக்கட்டை நேராக்கிய அதே மேடு, இவருக்கு விசைகளைவிட உயரமான திண்ணையாகிவிட்டது. திண்ணையில் மணிக்கட்டு, பள்ளத்தில் விரல்கள். கை கீழ்நோக்கி மடங்கியே கிடந்தது. ஃபேலன் சோதனையில் நாம் வேண்டுமென்றே செய்யும் மடக்கல் அளவுக்கு இல்லை, ஆனால் அதே திசை. அங்கே ஒரு நிமிடம், இங்கே ஒரு நாள்.

அழுத்தம் விழுந்த இடமும் மோசம். மணிக்கட்டு மடிப்பில் தோல் மெலிது. நரம்பும் தசைநாண்களும் மேலாகவே ஓடுகின்றன. ரிஸ்ட் ரெஸ்ட் என்ற பெயர் செய்த குழப்பம் இது. பெயரில்தான் மணிக்கட்டு இருக்கிறது. அதன்மேல் வைக்க வேண்டியது உள்ளங்கையின் அடிச்சதை. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது: ஓய்வில் மெத்தை தொட வேண்டியது உள்ளங்கையின் அடியை, மணிக்கட்டை அல்ல, அடிக்கும்போது கை அதற்கு மேலே தடையின்றி நகர வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "உள்ளங்கை அடியில் வைத்தால் ஆபத்தில்லை" என்று நாங்களே நோயாளிகளிடம் வேகமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் குகை மணிக்கட்டுக் கோட்டோடு முடிவதில்லை. அங்கிருந்து உள்ளங்கைக்குள் சில சென்டிமீட்டர் நீள்கிறது. ஆகவே உள்ளங்கை அடியின் நட்டநடுவில் பாரம் விழுந்தாலும் குகையின் கூரைதான் அழுந்தும். பாரத்தை ஏற்க வேண்டியவை இரண்டு பக்கத்திலும் உள்ள சதைமேடுகள்: கட்டைவிரலடி மேடும் சுண்டுவிரலடி மேடும். மிக மிருதுவான ஜெல்லில் கை புதைந்தால் நடுப்பகுதியும் சேர்ந்து அழுந்திவிடுகிறது. கடையில் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும் மெதுமை எப்போதும் நல்லதல்ல.

சுண்டுவிரல் பக்க வலிக்குக் காரணம் வேறு. அதை அறிய அவர் அடிக்கும் மொழியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் தமிழ்99 முறையில் அடிப்பவர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு. அதில் உயிர் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. வலது சுண்டுவிரலுக்கு மட்டும் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறும் விழுகின்றன. 'எழுச்சி' என்று அடிக்க ஆறு தட்டு: `g` `/` `d` `[` `[` `s`. அதில் பாதி வலது சுண்டுவிரல். இதற்கு மேல் Enter, Backspace இரண்டும் அந்த விரலுக்கே.

முழங்கையிலிருந்து கை நகர்ந்தால் இது பாரமே இல்லை. மணிக்கட்டை ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் `[` விசையை எட்ட ஒரே வழி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக ஒடித்து விரலை நீட்டுவது. படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு ச-வுக்கும் அந்த ஒடிப்பு தெரிந்தது. முளையடித்த மாடு கயிறு எட்டும்வரை கழுத்தை நீட்டி மேய்வதுபோல. அந்த முளையை அடித்தது ரிஸ்ட் ரெஸ்ட்.

## முதல் முடிவு: எடுத்துவிடுவது

காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்ததால் அன்றே ரிஸ்ட் ரெஸ்டை எடுத்துவிடச் சொன்னேன். கூடவே கை அறுவை மருத்துவர் ஒருவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். கார்பல் டனல் தொந்தரவுக்குத் தட்டச்சு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டுவது தவறு. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் எல்லாம் இதைக் கொண்டுவரும். அந்த மருத்துவர் பார்த்ததில் சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருந்தன. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் வலது கையில் லேசான பாதிப்பு. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை ஆறு வாரம் கட்டச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். இரவு மரத்தல் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அவருடைய வலது மணிக்கட்டில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு. மெய்ப்பு பார்ப்பவருக்கு முன்பு இருந்த அதே கோடு.

ரிஸ்ட் ரெஸ்ட் போனதும் அவர் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றத் தொடங்கியிருந்தார். மெத்தை போய்ச் சன்மைக்கா வந்தது. ஊன்றும் பழக்கம் அப்படியே இருந்தது. பொருளை எடுத்தால் பழக்கமும் போய்விடும் என்று நினைத்தது என் தவறு.

## இரண்டாம் முடிவு: கையை மிதக்கவிடுவது

அந்த அலுவலகத்தில் ஐம்பத்தெட்டு வயதான மூத்த தட்டச்சர் ஒருவர் இருக்கிறார். பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் முடித்தவர். அவர் மேசையில் ரிஸ்ட் ரெஸ்ட் உறை பிரிக்காமல் கிடந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் அடிக்கிறார். கையில் ஒரு தொந்தரவும் இல்லை.

அவர் அடிப்பதைப் படம் எடுத்தோம். மணிக்கட்டு எதையும் தொடவில்லை. முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில். தூரத்து விசை வரும்போது கை மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்புகிறது. தாளைப் படிக்க நிற்கும்போது மட்டும் கை மடிக்கு இறங்குகிறது.

"மெஷின்ல கையைக் கிடத்தவே முடியாதுமா," என்றார். "கட்டை அவ்வளவு உயரம். கிடத்தினா மாஸ்டர் ஸ்கேலாலயே மணிக்கட்டுல ஒண்ணு போடுவார். இந்தக் கம்ப்யூட்டர் வந்து தட்டையா ஆனதும்தான் எல்லாரும் கையைத் தூங்கப் போட்டுட்டீங்க."

டைப்ரைட்டர் காலத்தில் அடிக்கும் அளவு குறைவாக இருந்ததும், தாளைத் தள்ள, வண்டியை நகர்த்தக் கை அடிக்கடி எழுந்ததும் அவருக்குத் துணை செய்திருக்கும். பழைய காலம் எல்லாமே நல்லது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கையசைவுதான் தட்டச்சருக்குத் தேவைப்பட்டது. இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தோம். முதல் இரண்டு வாரம் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் மட்டும் மணிக்கட்டைத் தூக்கி அடிப்பது, வேகத்தைப் பார்ப்பதில்லை, ச, ழ, ய நிறைந்த சொற்களாகத் தேர்ந்து அடிப்பது. மீதி நேரம் எப்படி வருகிறதோ அப்படி.

வேகம் விழுந்தது. நிமிடத்துக்கு நாற்பது சொல் அடித்தவர் இருபத்தெட்டுக்கு இறங்கினார். அது எதிர்பார்த்ததுதான், உரிமையாளரிடமும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எதிர்பாராதது இரண்டாம் வாரக் கடைசியில் வந்தது. சுண்டுவிரல் பக்க வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் வலது தோளும் கழுத்தும் பிடித்துக்கொண்டன.

"கை பரவாயில்லை மேடம். இப்ப இங்க," என்று தோளைத் தொட்டுக் காட்டினார்.

## முதலில் அளந்திருக்க வேண்டியது

தோள் வலி வந்த பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

மேசை 75 செ.மீ. உயரம், நம் ஊர் அலுவலக மேசைகள் பெரும்பாலும் இதையொட்டியே இருக்கும். தட்டச்சர் 152 செ.மீ. உயரமுள்ளவர். நாற்காலி உயர்த்த முடியாத வகை, இருக்கை 44 செ.மீ. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், முழங்கை தரையிலிருந்து 65 செ.மீ. விசைகள் இருப்பதோ 76-க்கு மேல். முழங்கைக்கும் விசைக்கும் பதினோரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

இதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது. முழங்கை பள்ளத்திலும் விசை மேட்டிலும் இருந்தால் முன்கை ஏணிபோல் மேலே சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் கையைத் தாங்க இரண்டே வழி: எதன்மேலாவது மணிக்கட்டை மாட்டி வைப்பது, அல்லது தோளை உயர்த்திக் கையை நாள் முழுவதும் தூக்கிப் பிடிப்பது. அவர் முதல் வழியில் இருந்தார்; நான் இரண்டாம் வழிக்குத் தள்ளிவிட்டேன். மணிக்கட்டு பட்டதை இப்போது தோள் பட்டது.

ஊன்றும் பழக்கத்தைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அது சோம்பல் இல்லை. பொருந்தாத மேசைக்கு உடம்பு கண்டுபிடித்த சமாளிப்பு. ரிஸ்ட் ரெஸ்ட் அந்தப் பொருத்தமின்மையை மெத்தையால் மூடி, இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள வைத்தது. மூத்த தட்டச்சரால் கையை மிதக்கவிட முடிந்ததற்கும் இதே விளக்கம்: அவர் நல்ல உயரம், நாற்காலியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த திண்டு ஒன்றும் போட்டிருந்தார். அவருடைய முழங்கை விசைக்குச் சமமாக இருந்தது. அதை அன்று படத்தில் பார்த்தும் நான் கவனிக்கவில்லை.

## மூன்றாம் முடிவு: மேசைக்கு ஆளை உயர்த்துவது

மேசைக் காலை அறுப்பதற்கு உரிமையாளர் தயாராக இருந்தார். வேண்டாம் என்றேன், அடுத்து அந்த இடத்தில் யார் உட்காருவார் என்று தெரியாது. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி ஒன்று வரவேற்பறையில் சும்மா இருந்தது. அதைக் கொண்டுவந்து இருக்கையை 54 செ.மீ.க்கு ஏற்றினோம். முழங்கை 75-க்கு வந்தது. விசைக்கு ஒரு விரல் அளவுதான் கீழே. தொடைக்கும் மேசையின் அடிப்பலகைக்கும் இடையில் நாலு விரல் நுழைந்தது.

பாதம் அந்தரத்தில் தொங்கியது. தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தும். ஆள் தானாக முன்னால் சரிந்து மறுபடி மேசையில் கையை ஊன்றுவார். தாள் கட்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும் பத்து சென்டிமீட்டர் கிடைத்தது. அச்சுத்தொழில் அலுவலகத்தில் தாள் கட்டுக்கா பஞ்சம். பிறகு தச்சரிடம் சொல்லி அதே உயரத்தில் ஒரு மணைப்பலகை செய்துகொண்டார்கள்.

மூன்று நாளில் தோள் பிடிப்பு தளர்ந்தது. கையைத் தூக்கி அடிப்பது அதன்பின்தான் பயிற்சியாக இல்லாமல் இயல்பாக வரத் தொடங்கியது என்று தட்டச்சர் சொன்னார்.

## ரிஸ்ட் ரெஸ்ட் திரும்ப வந்தது

ஐந்தாம் வாரத்தில் ரிஸ்ட் ரெஸ்டை மீண்டும் கொடுத்தேன். உரிமையாளருக்கு இது குழப்பமாக இருந்தது. எடுக்கச் சொன்னவளே வைக்கச் சொல்கிறாளே என்று.

காரணம் அந்தச் சன்மைக்கா விளிம்பு. யாரும் நாள் முழுவதும் கையை அந்தரத்தில் வைத்திருக்க மாட்டார்கள். பிரதியில் புரியாத எழுத்து வரும்போது, சேமிக்கும்போது, தொலைபேசி வரும்போது கை எங்காவது இறங்கும். இறங்கும் இடம் கூர்விளிம்பாக இருக்கக் கூடாது.

ஆனால் பழைய மேடு வேண்டாம். விசைப்பலகையின் முன்விளிம்போடு சமமாக, அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லியது கடையில் கிடைக்கவில்லை. 5 மி.மீ. யோகா விரிப்பிலிருந்து இரண்டு பட்டை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, பருத்தித் துணி சுற்றித் தைத்தோம். நீளம் விசைப்பலகையின் முழு நீளம். பாதி நீளம் இருந்தால் ஒரு கை மெத்தையிலும் ஒரு கை மேசையிலும் கிடக்கும். ஆழம் 5 செ.மீ. ஓஷா சொல்லும் குறைந்த அளவு ஒன்றரை அங்குலம், அதாவது 3.8 செ.மீ.; அதைவிடக் குறுகினால் அதுவே ஒரு விளிம்பாகிவிடும். மிக அகலமாக இருந்தாலும் தொந்தரவு: பழைய 8 செ.மீ. ரெஸ்ட் விசைப்பலகையை மேசைக்குள் தள்ளிவிட்டதால் அவர் கையை நீட்டித்தான் அடித்துவந்தார்.

பயன்படுத்தும் விதத்துக்கு ஒரே விதி வைத்தோம். விரல் ஓடும்போது மெத்தை காலி; விரல் நிற்கும்போது உள்ளங்கை அடி அதில் இறங்கலாம், மணிக்கட்டுக் கோடு மெத்தைக்கு வெளியே, தன் பக்கம் நிற்க வேண்டும். நினைவூட்டலுக்காக மெத்தைத் துணியில் அவரே ஓரமாகச் சிவப்பு நூலில் ஒரு கோடு தைத்துக்கொண்டார். மணிக்கட்டு மடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி விசைப்பலகைப் பக்கம் வந்தால் கை உள்ளே போய்விட்டது என்று பொருள்.

மவுஸுக்கு முன்னால் ஜெல் குமிழ் வைத்த பேடும் அவரிடம் இருந்தது. அதை எடுத்துவிட்டேன், திரும்பக் கொடுக்கவில்லை. மவுஸில் கை ஓய்வதே குறைவு. குமிழில் மணிக்கட்டை ஊன்றினால் அதையே அச்சாக வைத்துக் கையை இடமும் வலமும் திருப்பத்தான் தோன்றும். தட்டையான பேடில் முன்கையோடு சேர்ந்து நகர்த்துவது அவருக்கு ஒரே நாளில் பழகியது.

## விளைவு

ஆறாம் வாரத்தில் இரவு விழிப்பு வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. பத்தாம் வாரத்தில் இல்லை. ஃபேலன் சோதனையில் ஒரு நிமிடம் முடியும் தறுவாயில் நடுவிரல் மட்டும் லேசாகச் சுருசுருத்தது. வேகம் எட்டாம் வாரத்தில் பழைய நாற்பதுக்குத் திரும்பியது. பத்து நிமிடப் படத்தை மறுபடி எடுத்தோம். அடிக்கும்போது வலது கை மெத்தையைத் தொட்டது இரண்டே தடவை, இரண்டும் நீண்ட பத்தியின் இறுதியில், களைப்பில்.

ஆறு மாதம் கழித்துப் புத்தகக் காட்சிப் பருவத்தின் நடுவில் தொலைபேசியில் கேட்டேன். ஒன்பது மணி நேரம் அடித்த நாள்களில் இரவு எப்போதாவது மரக்கிறதாம். அன்று மட்டும் பட்டையைக் கட்டிக்கொள்கிறார்.

எது குணமாக்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரவுப் பட்டையும் மேசை மாற்றமும் ஒரே காலத்தில் நடந்தன. இரவு மரத்தல் குறைந்ததில் பட்டைக்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்க வலிக்குப் பட்டையால் பெரிய வேலையில்லை; அது குறைந்தது கையை ஊன்றாமல் அடித்ததால் என்று ஓரளவு உறுதியாகச் சொல்வேன். ரிஸ்ட் ரெஸ்ட் இந்த நோயைக் கொடுத்தது என்றும் சொல்ல மாட்டேன். முன்பே அவ்வப்போது மரத்துக்கொண்டிருந்த கையை அது மோசமாக்கியது, அவ்வளவுதான்.

## மறுபடி செய்தால் மாற்றுவது

அளவு நாடாவை முதல் நாளே எடுப்பேன். முழங்கை உயரம், விசையின் உயரம், விசைப்பலகை முன்விளிம்பு, ரிஸ்ட் ரெஸ்ட் ஆகிய நான்கையும் அளக்க ஐந்து நிமிடம் போதும். அதைத் தள்ளிப்போட்டதால் அவருக்குத் தோள்வலியை நானே கொடுத்தேன். வரிசையும் மாறும்: முதலில் நாற்காலி, அடுத்து கையசைவு, கடைசியாக மெத்தை.

ரிஸ்ட் ரெஸ்டை ஒரேயடியாகப் பிடுங்க மாட்டேன். மாற்று இல்லாமல் எடுத்த அந்த ஒரு வாரம் பயனில்லாதது.

மூத்த தட்டச்சரிடம் முதலிலேயே பேசியிருக்கலாம். அவர் இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தார்.

உரிமையாளர் மற்றப் பத்துப் பேருக்கும் பவுடர் சோதனை செய்து பார்க்கச் சொன்னார். ஆறு பேருக்கு மணிக்கட்டுக் கோட்டில் பட்டை விழுந்தது; அவர்களில் நால்வர் மெல்லிய விசைப்பலகைக்காரர்கள். அந்த நால்வருக்கும் யோகா விரிப்பில் பட்டை தைத்துக் கொடுத்தார்கள், மீதி இருவருக்கு நாற்காலி உயர்ந்தது. ஒதுக்கிய ஜெல் ரெஸ்ட்களை மெய்ப்பு பார்ப்பவர் வாங்கி வைத்துக்கொண்டார். தன்னுடையது கிழிந்தால் ஆகும் என்றார்.